அம்மா ஒத்துக்கொண்டாள்

என் அம்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டில் அவளிடம் வாதாடாமல் எதுவும் நடந்ததில்லை. அண்ணனின் கல்யாணம், நான் வேலையை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தது, புத்தக அலமாரியை எந்தச் சுவரில் வைப்பது என்பது வரைக்கும் எல்லாமே அவள் குறுக்குக் கேள்விகளைத் தாண்டித்தான் வந்தன. அதனால்தான் போன வருட டைரியில், ஜனவரிப் பக்கம் ஒன்றில், இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "அண்ணி சொன்னதற்கு அம்மா உடனே தலையாட்டிவிட்டாள். மறுபேச்சே இல்லை. வயது ஆளைக் கனிய வைக்கிறது போல."

வீட்டில் எல்லோருக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. "அம்மா இப்போ ரொம்ப மாறிட்டாங்க" என்று அண்ணி நிம்மதியாகச் சொன்னாள்.

அதற்குப் பிந்தைய பக்கங்களில் வேறு வேறு விஷயங்கள் கிடக்கின்றன. மாடி வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னது. போன் மணி அடித்தால் அம்மா எடுத்து, "இரு, இவகிட்ட கொடுக்கிறேன்" என்று என்னிடம் நீட்டிவிடுவது. உறவினர் வீட்டு விசேஷத்தில் நடுக்கூடத்தை விட்டுவிட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தது. பழைய தோழி வந்தபோது அவரைப் பேசவே விடாமல் மணிக்கணக்கில் தானே பேசியது. நான் டைரியில் இவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. டைரி அப்படிப்பட்டதும் இல்லை. அன்றன்று தோன்றியது அன்றன்றைக்கு. ஆனால் மொத்தமாக உட்கார்ந்து படிக்கும்போது, பக்கத்துக்குப் பக்கம் அம்மாவின் பதில்கள் மட்டும் தனியாகக் கண்ணில் படுகின்றன. "சரி." "ஆமா." "உங்க இஷ்டப்படியே செய்யுங்க."

அப்படிச் சொன்ன ஒரு "சரி"தான் வீட்டைப் பற்றியது. அம்மா பேரில் இருக்கும் வீடு. அதை விற்றுவிட்டு அவள் தன்னோடு வந்து இருக்கட்டும் என்று அண்ணனுக்கு ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபேன் சத்தமும் பிள்ளைகள் சத்தமும் நடுவே, சுவரைக் காட்டிக் காட்டிப் பேசினான். விரிசல் விட்டிருக்கிறது, இனிமேல் பராமரிக்க முடியாது, கொடுத்துவிடலாமா என்று கேட்டான். அம்மா சிரித்த முகத்தோடு தலையாட்டினாள். டைரியில் இருப்பது ஒரே வரி: "வீட்டை விற்க அம்மா ஒத்துக்கொண்டாள். நம்பவே முடியவில்லை."

விஷயம் வெளியே வந்தது மிகச் சாதாரணமாக. மறுநாள் பாங்குக்குப் போக வேண்டியிருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்தபடியே, "காலையில போகலாமா, இல்ல சாயங்காலம் போகலாமாம்மா?" என்று கேட்டேன். "சரி" என்றாள். திரும்பிப் பார்த்தேன். என் முகம் தெரிந்ததும், எதையோ தவறவிட்டுவிட்டோம் என்பது அவளுக்கே புரிந்துவிட்டது. "என்ன கேட்டே?" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தக் கேள்வியை அவள் வாயிலிருந்து கேட்டேன்.

அப்புறம் காதைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட். சத்தம் புகாத சின்ன அறை, தலையில் ஹெட்ஃபோன், சத்தம் கேட்டால் அழுத்த ஒரு பொத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி அம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தாள். சில நேரம் ஒன்றுமே நடக்காததுபோல நீண்ட நேரம் அசையாமல் இருந்தாள். அந்த நேரத்திலும் அவள் காதில் சத்தம் போய்க்கொண்டுதான் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

முடிவைத் தாளில் வரைந்து கொடுத்தார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டங்கள், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறிகள். தாளின் இடப்பக்கம், தாழ்ந்த சுருதியான 250 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட சரியான அளவில் தொடங்கி, 2000-ஐத் தாண்டியதும் இரண்டு கோடுகளும் சரிந்து, 4000-இல் 65 டெசிபலுக்கு இறங்கியிருந்தன. அந்தச் சரிவைப் பார்த்ததும் அம்மாவுக்குத் தெம்பு வந்தது. வரைபடம் அவளுக்குப் பழகிய மொழி. "அப்போ எனக்குச் சத்தம் கேக்குது, எழுத்துதான் கேக்கல. அப்படித்தானே?" என்று கேட்டாள். ஆடியாலஜிஸ்ட் அப்படித்தான் என்றார்.

அவர் விளக்கியதை அன்றிரவு முழுசாக எழுதி வைத்தேன். பேச்சின் கனம் உயிரொலிகளில் இருக்கிறது. அவை தாழ்ந்த சுருதி. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவது மெய்யொலிகள். அவற்றில் பல மெலிந்தவை, உயர்ந்த சுருதியில் இருப்பவை. வயதாகும்போது முதலில் போவது அந்த உயர்ந்த சுருதிதான். உட்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் குழலின் வாசலில்தான் அதை வாங்கும் மயிர்ச்செல்கள் இருக்கின்றன. அழிந்தால் மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. அதனால் தட்டு, கட்டு, பட்டு எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். எதிரில் இருப்பவர் கத்தினால் பெரிதாவது பெரும்பாலும் உயிரொலிதான், சொல் தெளிவதில்லை. மீதியை உதட்டசைவிலும் முகத்திலும் ஊகித்து நிரப்ப வேண்டும். நாள் முழுக்க அந்த ஊகக் கணக்குப் போட்டுச் சலித்தவளுக்கு "சரி" என்பதுதான் எந்தக் கேள்விக்கும் ஓரளவு பொருந்துகிற விடை. தோழி வந்தபோது ஓயாமல் பேசியதும் இதனால்தான். பேசுகிறவள் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்குப்படி 60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைவாக இருக்கிறது. எத்தனை வீடுகளில் அதற்குப் "பக்குவம்" என்று பேர் வைத்திருப்பார்களோ.

காது மிஷினை அம்மா முதல் வாரம் வெறுத்தாள். தண்ணீர்க் குழாய் இரைந்தது, பேப்பர் புரட்டினால் கூசியது, தன் குரலே குடத்துக்குள்ளிருந்து வந்தது. மூளை பழகச் சில வாரங்கள் ஆகும், கழற்றி வைத்துவிடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவள் கழற்றவில்லை. குட்டிப் பட்டன் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் காற்றுப்பட ஒரு நிமிஷம் விட்டுத்தான் மூட வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தைக் கடிகாரம் பார்த்து எண்ணுவாள். பிறகு மெல்ல மெல்ல "என்ன?" என்று கேட்கத் தொடங்கினாள். அதற்கு முன்பும் கேட்டிருக்கலாம். ஆனால் திரும்பத் திரும்பக் கேட்டால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஓர் அலுப்பு வருமே, அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று ஒரு நாள் தானாகச் சொன்னாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதற்குள் வீட்டை வாங்க அண்ணன் ஆள் பார்த்துவிட்டான். பத்திர நகல் கேட்டு வந்தான். அம்மா அவனுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஃபேனை நிறுத்தச் சொன்னாள்.

"எதுக்குப் பத்திரம்?"

"விக்கிறதுக்குத்தாம்மா. நீதானே சரின்னு சொன்னே?"

"எப்போ?"

அண்ணன் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னான். அம்மா கொஞ்சம் யோசித்தாள். "நீ சுவரைக் காட்டிப் பேசினே. வெள்ளையடிக்கிறதைப் பத்திச் சொல்றேன்னு நினைச்சேன்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் மறுபடி முதலிலிருந்து, இந்த முறை மெதுவாக, முகம் பார்த்துச் சொன்னான். அவன் கவலை பொய்யில்லை. அவள் தனியாக விழுந்துவிடுவாளோ என்று அவனுக்குப் பயம். அம்மா கடைசிவரை கேட்டாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்தாள். விரிசலைச் சரிசெய்ய எவ்வளவு என்று யாரிடமாவது கேட்டாயா? உன் வீட்டில் எனக்கு எந்த அறை? பகலில் நீங்கள் எல்லோரும் போன பிறகு அங்கேயும் தனியாகத்தானே இருப்பேன்? பேச்சு சூடானது. அண்ணன் எழுந்துபோய் மறுபடி வந்து உட்கார்ந்தான். நான் டைரியில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன், எல்லாம் அம்மாவின் வாக்கியங்கள், ஒன்றும் சின்னது இல்லை.

வாங்க இருந்தவருக்கு அண்ணன் அன்றிரவே போன் போட்டான். "ஸ்பீக்கர்ல போடு" என்றாள் அம்மா. "வீடு விற்பனைக்கு இல்லைன்னு நீ சொல்றதை நான் கேக்கணும்."