திட்ட மேலாளர் பணிக்கான தள அனுபவக் குறிப்பு

பணி: திருச்சியில் தங்கள் நிறுவனம் எடுத்திருக்கும் 150 படுக்கை மருத்துவமனைக் கட்டிடம்
படிப்பு: பி.இ. சிவில், 2011
தள அனுபவம்: 2011 ஜூலை முதல்
பெயர், முகவரி, சான்றிதழ் நகல்கள்: விண்ணப்பப் படிவத்துடன் உள்ளன

கீழே உள்ள தொகைகள் எல்லாம் வரி சேர்க்காதவை. ஒப்பந்தத் தொகை என்பது வேலை தொடங்கியபோது கையெழுத்தானது. முடிவுத் தொகை என்பது கடைசி பில்லில் நின்றது. முடிவுத் தொகை கூடிய இடத்தில் காரணம் எழுதப்பட்டிருக்கிறது. "என் பொறுப்பு" என்று இருப்பது நான் கையெழுத்திட்டுப் பதில் சொன்ன வேலை மட்டுமே. மற்றவர்கள் பார்த்ததை என் கணக்கில் சேர்க்கவில்லை.

| தளம் | அளவு | ஒப்பந்தம் | முடிவு | என் நிலை |
|---|---|---|---|---|
| மாணவர் விடுதி, கோவை, 2022–23 | 68,000 சதுர அடி | ரூ. 17.40 கோடி | ரூ. 17.92 கோடி | திட்ட மேலாளர் |
| கிடங்கு, ஒரகடம், 2019 | 1,10,000 சதுர அடி | ரூ. 4.60 கோடி (சிவில் மட்டும்) | ரூ. 4.58 கோடி | துணைத் திட்ட மேலாளர் |
| மழைநீர் வடிகால், சென்னைப் புறநகர், 2018 | 2.3 கி.மீ. | ரூ. 3.80 கோடி | ரூ. 3.74 கோடி | தளப் பொறுப்புப் பொறியாளர் |
| அரசுப் பள்ளி, விருதுநகர் மாவட்டம், 2014–16 | 9,400 சதுர அடி | ரூ. 1.64 கோடி | ரூ. 1.61 கோடி | சைட் இன்ஜினியர் |
| 6 தனி வீடுகள், மதுரை, 2011–14 | மொத்தம் 14,000 சதுர அடி | தனித்தனி ஒப்பந்தம் | – | இளநிலைப் பொறியாளர் |

மாணவர் விடுதி, கோவை

தரைத்தளமும் அதன்மேல் ஐந்து மாடிகளும். 96 கழிப்பறைகள், ஒரு சமையல்கூடம், இரண்டு லிஃப்ட். கான்கிரீட் சுமார் 2,450 கன மீட்டர், கம்பி 265 டன். வேலை உச்சத்தில் இருந்தபோது நாளுக்கு 145 பேர். எனக்குக் கீழே நான்கு சைட் இன்ஜினியர்கள், ஒரு அளவைப் பொறியாளர், மூன்று சூப்பர்வைசர்கள், ஒரு பாதுகாப்பு அலுவலர்.

என் பொறுப்பு: மாத வேலைத் திட்டம், ரன்னிங் பில் சரிபார்ப்பு, ரூ. 2 லட்சம் வரையிலான கொள்முதல் ஆணைகள் (அதற்கு மேல் தலைமையகம்), துணை ஒப்பந்தக்காரர் அளவுகள், கான்கிரீட் தரப் பதிவேடு, திங்கட்கிழமைதோறும் உரிமையாளர் தரப்புடன் கூட்டம். கட்டமைப்பு வடிவமைப்பு என்னுடையது அல்ல. வரைபடத்தில் முரண்பாடு வந்தால் எழுத்தில் கேட்டு வாங்குவது என் வேலை.

தொகை ரூ. 52 லட்சம் கூடியது. அதில் ரூ. 24 லட்சம் உரிமையாளர் இரண்டு மாடிகளில் கழிப்பறை அமைப்பை மாற்றியதற்கு. ரூ. 7 லட்சம் கம்பி, சிமெண்ட் விலையேற்ற விதிப்படி. மீதி ரூ. 21 லட்சம் பாறைக்கு. மண் ஆய்வுக்கு நான்கு இடங்களில் துளை போட்டிருந்தார்கள். வடகிழக்கு மூலையில் ஒன்றும் இல்லை. அந்த மூலையில் 11 ஃபுட்டிங் குழிகளிலும் தண்ணீர்த் தொட்டிக் குழியிலும் 1.5 மீட்டர் ஆழத்திலேயே கடும்பாறை வந்தது. பக்கத்துக் கட்டிடத்தில் ஆட்கள் இருந்ததால் வெடி வைக்க முடியாது. பிரேக்கராலும் பாறை பிளக்கும் ரசாயனத்தாலும் 620 கன மீட்டர் எடுக்க, கன மீட்டருக்கு ரூ. 3,400 ஆனது. விலைப்பட்டியலில் "கடும்பாறை" தனி இனமாக இல்லாததால் விலை ஒத்துக்கொள்ளவே மூன்று வாரம் போனது. 16 மாத வேலை 17½ மாதமானதில் பெரிய பங்கு இதுதான். மருத்துவமனைத் தளத்தில் விலை கொடுக்கும் முன்பே நான்கு மூலையிலும் ஜேசிபியால் சோதனைக் குழி தோண்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கோரிக்கையாக இருக்கும். ஒரு நாள் வாடகைக்கு மேல் செலவில்லை.

கம்பிக் கணக்கு: வாங்கியது 274.2 டன். கம்பி வளைப்புப் பட்டியல்படி கட்டிடத்தில் 264.8. நாற்காலி, ஸ்பேசர், கூடுதல் லேப் 3.6. விற்ற துண்டுக் கம்பி 5.1. கையிருப்பு 0.7. கூட்டினால் மிச்சமின்றி நிற்கிறது. வீணானது 2 சதவீதத்துக்குக் கீழே. வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு 12 மீட்டர் கம்பியிலிருந்தும் எந்த நீளங்கள் வரும் என்று தாளில் எழுதிக் கொடுத்ததும், 1 மீட்டருக்கு மேற்பட்ட துண்டுகளை லிண்டலுக்கு என்று தனியே அடுக்கியதும்தான் இதற்கு வழி.

மூன்றாம் மாடி ஸ்லாபின் இரண்டாம் பகுதி, எம் 25 கலவை. ஏழாம் நாள் க்யூப் சோதனையில் 14.2 நியூட்டன்தான் வந்தது. 16-க்கு மேல் எதிர்பார்த்திருந்தோம். ரெடிமிக்ஸ் வண்டி வரிசையில் காத்திருந்தபோது கலவை இறுகியதால், ஓட்டுநர் தண்ணீர் ஊற்றியிருந்தது தெரிய வந்தது. முட்டுகளை 21 நாள் வரை எடுக்கவில்லை. மூன்று இடங்களில் கோர் எடுத்ததில் சராசரி 23.1, குறைந்தது 21.4. ஐ.எஸ். 456 கேட்பது சராசரி 85 சதவீதமும் எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது. எம் 25-க்கு அது 21.25, 18.75. பகுதி ஏற்கப்பட்டது. அதன்பின் வண்டிக்கு வண்டி இடைவெளியை 25 நிமிடமாக வைத்து, வாசலிலேயே ஸ்லம்ப் பார்த்து, தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டுப் போட்டோம். பிறகு வந்த எந்தத் தொகுதியும் தவறவில்லை.

கழிப்பறைகளைப் பற்றிக் கூடுதலாகச் சொல்வது மருத்துவமனைக்கு அது முக்கியம் என்பதால். சங்கன் ஸ்லாபில் நீர்க்காப்பு பூசிய பிறகு 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். 96-இல் 9 இடங்களில் கீழே ஈரம். ஒன்பதும் ஒரே காரணம்: கழிவுக்குழாய் ஸ்லாபைத் துளைக்கும் வளையத்தைச் சாதாரணச் சாந்தால் அடைத்திருந்தார்கள். சாந்து காய்ந்து சுருங்கினால் குழாயைச் சுற்றி மயிரிழை இடைவெளி வரும், தண்ணீருக்கு அது போதும். அந்த வளையங்களைக் கொத்தி, சுருங்காத கிரவுட் ஊற்றி, குழாயைச் சுற்றி 300 மி.மீ. வரை நீர்க்காப்பை மறுபடி பூசி, மறுபடி 48 மணி நேரம். செலவு ரூ. 1.3 லட்சம், ஏழு நாள். டைல் போட்ட பிறகு கண்டுபிடித்திருந்தால் செலவு பல மடங்காகியிருக்கும். அதனால் நீர் கட்டும் சோதனைப் படிவத்தில் என் கையெழுத்து இல்லாமல் எந்தக் கழிப்பறையிலும் டைல் வேலை தொடங்க விடுவதில்லை.

கிடங்கு, ஒரகடம்

இரும்புக் கூரைக் கட்டமைப்பை வேறு நிறுவனம் செய்தது. எங்களுடையது அடித்தளமும் தரையும். தரை 200 மி.மீ. தடிமன், எம் 30, சுமார் 2,050 கன மீட்டர். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் என்று 11 தடவையில் ஊற்றினோம். எனக்குக் கீழ் இரண்டு பொறியாளர்கள்.

முதல் பகுதியை மே மாத வெயிலில் பகலில் ஊற்றி, மறுநாள் மதியம் மூட்டு வெட்டினோம். அதற்குள் 22 மணி நேரம் ஆகிவிட்டது; கான்கிரீட் தானே மூன்று இடங்களில் விரிசல் விட்டிருந்தது. எப்பாக்ஸி செலுத்த ரூ. 1.8 லட்சம் எங்கள் செலவில் போனது. அடுத்த பகுதியிலிருந்து மாலை ஐந்துக்குப் பிறகுதான் ஊற்றினோம். ஓரம் உதிராமல் வெட்ட முடிகிறதா என்று ஊற்றிய எட்டாவது மணி நேரத்திலிருந்தே சோதித்து, 5 மீட்டருக்கு ஒன்றாக 55 மி.மீ. ஆழத்தில் மூட்டு வெட்டினோம். கட்டர் இரண்டு, பிளேடு கூடுதலாக நான்கு. நள்ளிரவில் பிளேடு உடைந்தால் கடை திறந்திருக்காது. மீதிப் பத்துப் பகுதிகளில் விரிசல் இல்லை.

மழைநீர் வடிகால்

உள்ளளவு 1.2 × 1.2 மீட்டர் கான்கிரீட் பெட்டி வடிகால், சாய்வு ஆயிரத்துக்கு ஒன்று. பிப்ரவரியில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் மூடினோம். 50 மீட்டருக்கு ஒரு குறுக்குக் குழி தோண்டிப் பார்த்ததில் மின் கேபிள், குடிநீர்க் குழாய் என்று ஏழு தடைகள் முன்கூட்டியே தெரிந்தன. 40 மீட்டர் நீளத்தில் அடிக்கான்கிரீட் மட்டம் 38 மி.மீ. உயர்ந்திருந்தது, இரண்டு வரைபடங்களில் இரண்டு வேறு மட்டக் குறிகள். கம்பி கட்டும் முன் பிடிபட்டதால் ரூ. 55,000-இல் முடிந்தது.

அரசுப் பள்ளி

12 வகுப்பறை, இரண்டு தளம். கரிசல் மண், அதனால் குமிழ் பைல் அடித்தளம்: 84 பைல், தண்டு 300 மி.மீ., குமிழ் 750, ஆழம் 4 மீட்டர். பைல்களை இணைக்கும் பீமுக்கு அடியில் 80 மி.மீ. வெற்றிடம் விட்டோம், மண் உப்பும்போது பீமைத் தூக்கக் கூடாது. துளைக்குள் குமிழ் விரிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் ஒரு பைல் கணக்குப்படி 0.35 கன மீட்டர் கான்கிரீட் பிடிக்க வேண்டும், குமிழ் இல்லாவிட்டால் 0.28தான் பிடிக்கும். ஒவ்வொரு பைலுக்கும் எத்தனை பெட்டி போனது என்று எழுதினோம். மூன்று பைல்கள் 0.30-க்குக் கீழே நின்றன. பக்கச் சுவர் சரிந்து குமிழை மூடியிருந்தது. அவற்றுக்குப் பக்கத்தில் மாற்றுப் பைல் போட்டோம். எம் புக் அளவுகளைத் துறைப் பொறியாளருடன் எடுத்ததும் நான்தான்.

மதுரை வீடுகள்

மேஸ்திரிகளுடன் மட்டம் பார்ப்பது, கவர் பிளாக் எண்ணுவது, க்யூரிங் பதிவு. பணப் பொறுப்பு இல்லை.

இடையில், 2020–21

கோவையில் அலுவலகப் பணி: அளவைக் கணக்கு, டெண்டர் விலை தயாரிப்பு.

செய்திராத வேலைகள்

மருத்துவ வாயுக் குழாய்கள், அறுவை அரங்கக் குளிர்சாதனம், இரண்டு நிலத்தடித் தளங்களுக்கு மேற்பட்ட ஆழத் தோண்டல் ஆகியவற்றில் நேரடி அனுபவம் இல்லை. முதல் இரண்டுக்கும் தனித் துறைப் பொறியாளர் என் குழுவில் இருக்க வேண்டும். ஸ்லாபில் குழாய் துளைகளுக்கான ஒருங்கிணைந்த வரைபடம் முதல் மாடி கம்பி கட்டும் முன் கையில் வர வேண்டும்.

மற்றவை

ஆட்டோகேட், எம்.எஸ். பிராஜெக்ட், எக்செல். தமிழ், ஆங்கிலம், தளத்தில் பேசுமளவு இந்தி. தற்போதைய பணியில் முன்னறிவிப்பு 30 நாள். விடுதியின் க்யூப் பதிவேடு, கம்பிக் கணக்கு, நீர் கட்டும் சோதனைப் படிவங்களின் நகல்களை உரிமையாளர் அனுமதியுடன் நேர்காணலுக்கு எடுத்து வருவேன்.