செல்லோக்கள் தாங்கிய மாலை

ஷூபர்ட்டின் ‘முற்றுப்பெறாத’ சிம்பொனி செல்லோக்களும் டபுள் பேஸ்களும் மட்டும் அடிக்குரலில் முணுமுணுக்கும் ஒரு வரியோடு தொடங்குகிறது. அந்த வரியை இந்த மாணவர்கள் வாசித்தபோது அரங்கில் இருமல் சத்தம் நின்றது. எட்டு செல்லோ, நான்கு பேஸ், ஒரே மூச்சு. இசைக் கல்லூரி மாணவர் ஆர்க்கெஸ்ட்ராவின் ஆண்டு நிறைவுக் கச்சேரியில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அதுதான். ஒருவரையொருவர் கேட்டு வாசித்தால் இவர்களால் என்ன முடியும் என்பதை அது காட்டிவிட்டது. அதனாலேயே மற்ற இடங்களில் அந்தக் கவனம் நழுவியபோது மனம் கனத்தது.

கச்சேரியைத் தொடங்கியது பீத்தோவனின் ‘எக்மாண்ட்’ ஓவர்ச்சர். முழு ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே ஸ்வரத்தில் இறங்கி நிற்க வேண்டிய முதல் கணத்தில் பித்தளை வாத்தியங்கள் ஒரு நொடி முந்திவிட்டன. பதற்றம்தான், போகட்டும். அடுத்து வரும் கனமான வில்லடிகளைத் தந்தி வாத்தியக்காரர்கள் நல்ல திடத்தோடு வாசித்தார்கள். ஆனால் முடிவில் இசை எஃப் மைனரிலிருந்து எஃப் மேஜருக்கு வெடித்து வெளியேறும்போது டிரம்பெட்டையும் டிம்பனியையும் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. வயலின்காரர்களின் கைகள் பறப்பதைப் பார்க்க முடிந்தது, கேட்க முடியவில்லை.

ஷூபர்ட்டுக்குத் திரும்புகிறேன். 1822இல் எழுதி, அவர் இறந்து 37 ஆண்டுகள் கழித்து 1865இல்தான் முதன்முதலாக மேடையேறிய படைப்பு இது. முழுதாகக் கிடைப்பவை இரண்டே பகுதிகள். ஸ்வரங்கள் அப்படியொன்றும் கடினமில்லை என்று மாணவர் குழுக்கள் இதை அடிக்கடி எடுத்துக்கொள்வதுண்டு. உண்மையில் இது ஒளிந்துகொள்ள இடமே தராத இசை. அந்த முதல் வரிக்குப் பிறகு ஓபோவும் கிளாரினெட்டும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாட வேண்டும். இரண்டுக்கும் சுருதி சேரவில்லை. கிளாரினெட் சற்று மேலே நின்றது, ஓபோ இறங்கி வரச் சொல்லிக் கெஞ்சுவது போல இருந்தது. தனித்தனியாகக் கேட்டால் இருவருமே நல்ல கலைஞர்கள். இரண்டாம் பகுதியின் நீண்ட தனி மெட்டில் அதே கிளாரினெட் மாணவி ஒரு ஸ்வரத்தை ஊதி, அது காற்றில் கரையும் வரை பிடித்திருந்தார். அதற்குக் கீழே தந்திகள் இன்னும் பாதியாக அடங்கியிருக்க வேண்டும். பியானிஸிமோ என்றால் பக்கத்து வாத்தியம் கேட்கும் அளவுக்கு வாசிப்பது. அதை யாராவது ஒத்திகையில் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

இடைவேளைக்குப் பிறகு துவோர்ஷாக்கின் எட்டாவது சிம்பொனி. மீண்டும் செல்லோக்கள், மீண்டும் அழகு. அந்தச் சோகமான தொடக்க மெட்டு முடிந்ததும் பறவை கூவுவது போல வரும் புல்லாங்குழலை வாசித்த மாணவர் எந்த அவசரமும் காட்டவில்லை. மெதுவான பகுதியில் முதல் வயலினின் தனி வாசிப்பு கூச்சத்தோடு தொடங்கினாலும் சீக்கிரமே தன் குரலைக் கண்டுகொண்டது.

கடைசிப் பகுதியைப் பற்றித்தான் என் பெரிய மனக்குறை. அதன் தலைப்பில் துவோர்ஷாக் போட்டிருக்கும் குறிப்பு, வேகம்தான், ஆனால் அளவு மீறாமல். இசை நடத்துநர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். டிரம்பெட் அழைப்பு முடிந்து செல்லோக்கள் தொடங்கும் மெட்டே ஓட்டமாக இருந்தது. அந்த மெட்டு பிறகு ஒன்றன்பின் ஒன்றாக உருமாறிக்கொண்டே போகும், இறுதியில் வேகம் இன்னும் கூட வேண்டும். தொடக்கத்திலேயே ஓடிவிட்டால் பிறகு எங்கே போவது? புல்லாங்குழலின் கடினமான உருமாற்றத்தில் பாதி ஸ்வரங்கள் கலங்கிப் போயின, முடிவு வெறும் நெரிசலானது. இதை மாணவர்கள் தலையில் கட்ட நான் தயாராக இல்லை. கேட்ட வேகத்தை அவர்கள் கொடுத்தார்கள். அந்த ஓட்டத்திலும் ஹார்ன் வாசித்த நால்வர் தங்கள் டிரில்களைத் துணிச்சலாக ஊதினார்கள். இரண்டு பிசகின, பரவாயில்லை. பயந்து ஊதியிருந்தால்தான் கேட்க முடிந்திருக்காது.

கைதட்டல் அடங்காததால் மூன்றாம் பகுதியை, அந்த வால்ட்ஸ் போன்ற பகுதியை, இன்னொரு முறை வாசித்தார்கள். சில வரிகளுக்குப் பிறகு நடத்துநர் கைகளைத் தாழ்த்தி வெறுமனே நின்றார். தாளம் காட்ட ஆளில்லாமல் போனதும் வயலின்காரர்கள் நோட்டுத்தாளிலிருந்து கண்ணை எடுத்துச் செல்லோக்களைப் பார்த்தார்கள். அப்புறம் சத்தம் தானாகவே இறங்கியது. மாலை முழுக்க நான் தேடிய மென்மை வந்தது, ஓபோவும் கிளாரினெட்டும் கூட ஒரே சுருதியில் நின்றன.