லாபத்தில் பங்கு: ஃபோர்மேன் அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வேறொரு அச்சகத்திலிருந்து உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று போன வாரம் நீங்களே வந்து சொன்னீர்கள். மறைத்து வைத்துக்கொண்டு, கடைசி நாளில் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போகிறவர் இல்லை நீங்கள். நேரில் பேசினால் நான் உணர்ச்சிவசப்பட்டு எதையாவது சொல்லிவிடுவேன். கணக்கு விஷயம் எழுத்தில் இருப்பதே நல்லது.

அவர்கள் சொல்லும் சம்பளத்தை என்னால் தர முடியாது. தந்தால் பைண்டிங்கில் இருப்பவர்களுக்கும் கட்டிங்கில் இருப்பவர்களுக்கும் என்ன பதில் சொல்வேன்? அதனால் வேறு வழி யோசித்தேன். இப்போதைய சம்பளமும் போனஸும் அப்படியே இருக்கும். அதற்கு மேல், வருகிற கணக்கு வருடத்திலிருந்து அச்சகத்தின் நிகர லாபத்தில் 10 சதவீதம் உங்களுக்கு. மூன்றாவது வருடம் முதல் அது 15 சதவீதம்.

இதை உங்களுக்குச் செய்யும் உதவியாக நினைக்க வேண்டாம். அப்பா காலத்திலிருந்து 22 வருடமாக இந்த மெஷின் உங்கள் காதில் ஓடுகிறது. சத்தம் லேசாக மாறினாலே பிளாங்கெட் தளர்ந்துவிட்டது என்று நிறுத்தச் சொல்வீர்கள். மற்றவர்களுக்கு அது தெரிவதற்குள் இருநூறு தாள் வீணாகியிருக்கும். நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை தாளை லென்ஸில் பார்த்துக்கொண்டே நிற்பீர்கள். நம் லாபத்தில் பெரும்பகுதி அப்படி வீணாகாமல் தப்பிய தாள்தான். போனில் கூப்பிடும் பழைய வாடிக்கையாளர்களும் விலை கேட்பதற்கு முன்னால் நீங்கள் இருக்கிறீர்களா என்றுதான் கேட்கிறார்கள்!

சரி, லாபம் என்றால் எது? சண்டை வருகிற இடமே அதுதான். முதலாளி நினைத்தால் எந்த லாபத்தையும் காகிதத்தில் காணாமல் போகச் செய்யலாம். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். மொத்த வரவிலிருந்து தாள், இங்க், பிளேட், கூலி, வாடகை, மின்சாரம், கடன் வட்டி, வரி எல்லாம் கழியும். எனக்கென்று மாதச் சம்பளம் ஒன்று நிர்ணயித்து அதையும் கழிப்பேன். உங்களைக் கேட்காமல் அதை உயர்த்த மாட்டேன். என் வீட்டுச் செலவு, கார் பெட்ரோல் எதுவும் அச்சகக் கணக்கில் ஏறாது. புது மெஷின் வாங்கினால் அதன் முழு விலையை அந்த வருடமே கழித்து உங்கள் பங்கைத் தின்ன மாட்டேன். பத்து வருடத்துக்குப் பிரித்துத் தேய்மானமாகத்தான் கழியும்.

அப்புறம் வராத கடன். பில் போட்டவுடன் லாபம் வந்துவிட்டதுபோலத் தெரியும், பணம் மட்டும் வராது. ஆறு மாதத்துக்கு மேல் வசூலாகாத பில்லை லாபத்தில் சேர்க்க மாட்டேன். எப்போது வசூலாகிறதோ, அந்த வருடக் கணக்கில் வரும். இடையில் நீங்கள் விலகினாலும், உங்கள் காலத்து பில்லுக்கான பங்கு உங்களைத் தேடி வரும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தொகையை முன்பணமாகத் தருவேன். ஆடிட்டர் வருடக் கணக்கை முடித்ததும் மீதியைத் தீர்த்துக்கொள்வோம். முன்பணம் அதிகமாகப் போயிருந்தால் திருப்பிக் கேட்க மாட்டேன், அடுத்த வருடப் பங்கில் கழியும். நஷ்டம் வந்தால் அது என் தலையில்தான். கடன்காரர் யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. நீங்கள் கூட்டாளி ஆகவில்லை, லாபத்தில் மட்டும்தான் பங்கு. அதனால் அச்சகத்தை விற்பதா, கடன் வாங்குவதா என்ற முடிவு என்னிடமே இருக்கும். கணக்குப் புத்தகத்தை மட்டும் எப்போது வேண்டுமானாலும் புரட்டலாம். உங்கள் மகள் கணக்கியல் படிக்கிறாள் அல்லவா, அவளையும் கூட்டி வாருங்கள், குடையட்டும்.

ஆசை காட்டி ஏமாற்றக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன். இந்த ஏற்பாடு கடந்த மூன்று வருடமும் இருந்திருந்தால், இரண்டு வருடம் ஏறத்தாழ நான்கு மாதச் சம்பளம் அளவுக்குக் கிடைத்திருக்கும். தாள் விலை ஏறிய வருடம் ஒன்றுமே கிடைத்திருக்காது. அங்கே தரும் உயர்வு மாதாமாதம் நிச்சயம். இங்கே ஏற்ற இறக்கம் உண்டு. வீட்டில் உட்கார்ந்து இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

பதிலுக்கு நான் கேட்பது இரண்டு. குறைந்தது மூன்று வருடம் இருக்க வேண்டும், விலகுவதானால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். இன்னொன்று, மெஷினில் இருக்கும் இரண்டு பையன்களுக்கும் உங்கள் கைப்பக்குவத்தைச் சொல்லித்தர வேண்டும். திட்டிக்கொண்டே சொல்லித்தந்தாலும் பரவாயில்லை.

இதே விவரங்களோடு ஒப்பந்தத்தை ஆடிட்டர் தயார் செய்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள். சதவீதத்தில் பேச வேண்டியிருந்தால் அதற்கும் வாருங்கள், பேசுவோம். போவது என்று முடிவு செய்தாலும் உங்களுக்குச் சேர வேண்டிய பாக்கி ஒரு பைசா குறையாமல் வந்துவிடும். அந்தக் கவலையை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

அன்புடன்,
தம்பி
(அச்சக உரிமையாளர்)