ஜனவரி மெஸ் பில்லில் உள்ள சாப்பாட்டு எண்ணிக்கை குறித்து

திருச்சி
5.2.2025

அனுப்புநர்: காப்பாளர், கல்லூரி மாணவியர் விடுதி
பெறுநர்: மெஸ் ஒப்பந்ததாரர்

ஐயா,

வணக்கம். ஜனவரி மாத பில் 3ஆம் தேதி கிடைத்தது. அதில் 19,716 சாப்பாடு, ரூ.7,88,640 என்று இருக்கிறது. 212 மாணவிகள், மூன்று வேளை, 31 நாள் என்று பெருக்கினால் இதே எண்தான் வருகிறது. அதாவது, மாதம் முழுக்க ஒரு பிள்ளைகூட ஒரு வேளையும் விடாமல் சாப்பிட்டதாகக் கணக்கு. இதை என்னால் ஏற்க முடியாது.

பொங்கல் விடுமுறையில், 14 முதல் 19 வரை, விடுதியில் இருந்தவர்கள் 18 பேர்தான். உங்கள் சமையல்காரர்களிலும் இரண்டு பேர் தவிர மற்றவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த இருவரும் பண்டிகையை விட்டுவிட்டு, இருந்த பிள்ளைகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்ததை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த ஆறு நாளுக்கு 324 சாப்பாடு போட்டுவிட்டு 3,816 என்று எழுதுவது எப்படிச் சரியாகும்? 13ஆம் தேதி இரவும் பந்தியில் 41 பேர்தான் உட்கார்ந்தார்கள். அதிலும் 171 கூடுதல்.

அப்புறம், இறுதியாண்டு மாணவிகள் 46 பேர் 22 முதல் 25 வரை தொழிற்சாலைப் பார்வைக்குப் போனார்கள். ஒருநாள் முன்னதாக எழுதிக் கொடுத்தால் மெஸ் கட் உண்டு என்பது நம் ஒப்பந்தம். 20ஆம் தேதியே கடிதம் கொடுத்து உங்கள் சூப்பர்வைசரிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். அந்த 552 சாப்பாடும் கழியவில்லை. தனித்தனியாக மெஸ் கட் எழுதிய 9 பேரின் 37 நாளும் (111 சாப்பாடு) அப்படியே நிற்கிறது.

ஆக 4,326 சாப்பாடு, ரூ.1,73,040 கூடுதல். தினமும் இரவு உங்கள் சூப்பர்வைசர் கையெழுத்திடும் பந்திப் பதிவேட்டிலிருந்தே இதை எடுத்திருக்கிறேன்; நகல் இணைத்துள்ளேன்.

உங்கள் பக்கம் விட்டுப்போனதையும் சொல்லிவிடுகிறேன். 10ஆம் தேதி பொங்கல் விழாவில் விருந்தினர் 24 பேர் மதியம் சாப்பிட்டார்கள். அதை நீங்கள் எழுதவில்லை. ரூ.45 வீதம் ரூ.1,080 சேர்த்தால், என் கணக்கில் உங்களுக்கு வரவேண்டியது ரூ.6,16,680.

இந்தப் பணம் முழுக்க மாணவிகள் கட்டுவது. கூடுதல் தொகையைப் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு 816 ரூபாய் ஏறும். தினக்கூலிக்குப் போகும் பெற்றோர் பலர் என்னிடம் வந்து, தவணை கேட்டுக் கட்டுகிறார்கள். சாப்பிடாத சோற்றுக்கு அவர்களிடம் பணம் கேட்க என்னால் முடியாது.

உங்கள் ஆட்களின் சம்பளம் தடைபடக் கூடாது என்பதால், தகராறு இல்லாத தொகையிலிருந்து 5 லட்சம் ரூபாயை உடனே விடுவிக்க அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். 8ஆம் தேதி சனிக்கிழமை காலை 11 மணிக்கு உங்கள் பதிவேட்டுடன் நேரில் வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து நாள்வாரியாகப் பார்ப்போம். என் எண்ணில் தவறு இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்கிறேன். திருத்திய பில் 10ஆம் தேதிக்குள் வந்துவிட்டால் மீதித் தொகையையும் அந்த வாரமே அனுப்பச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
விடுதிக் காப்பாளர்

இணைப்பு: பந்திப் பதிவேடு, மெஸ் கட் கடிதங்கள் (நகல்)