சனிக்கிழமைக்குப் பயப்படும் பையன்

திரை விமர்சனம்: வாழை (2024)
இயக்கம்: மாரி செல்வராஜ்

வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்தால் நாம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். 'வாழை' படத்தின் சிவனைந்தானுக்கு அந்த மணிதான் வயிற்றைக் கலக்கும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவன் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும். அப்பா இல்லை. வியாபாரியிடம் அம்மா வாங்கிய முன்பணத்தைக் குடும்பமே சுமந்துதான் கழிக்கிறது. நன்றாகப் படிக்கிற பையன், பள்ளிக்கூடத்தை விட்டு வர மனமில்லாதவன். லீவு நாளைப் பார்த்து நடுங்கும் மாணவனைத் தமிழ்ப் படங்களில் நாம் அதிகம் பார்த்ததில்லை.

தென் தமிழ்நாட்டுக் கிராமம், தொண்ணூறுகளின் கடைசி. தாருக்கு ஒரு ரூபாய் கூலி. அதை இரண்டாக்கச் சொல்லி கனி (கலையரசன்) போராடுகிறான். கூலி உயர்கிறது. ஆனால் கூடக் கொடுத்த அந்த ஒரு ரூபாயை வியாபாரி வேறு எந்த வழியில் மிச்சம் பிடிக்கிறார் என்பதில்தான் படத்தின் முடிவே இருக்கிறது. இயக்குநரின் ஊர்ப் பக்கம் உண்மையில் நடந்த சம்பவம் என்பதால் பெரியவர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். பார்க்காதவர்களுக்காக இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

நடிப்பில் முதல் இடம் சந்தேகமே இல்லாமல் சிவனைந்தானாக வரும் பொன்வேலுக்கு. தார் தலையில் ஏறும் நொடியில் அவன் கழுத்தைப் பாருங்கள்: தோளுக்குள் இறங்கிப்போகிறது, முகம் சட்டென்று நாற்பது வயதாகிவிடுகிறது. அதே முகம் வகுப்பில் பூங்கொடி டீச்சரைப் பார்த்ததும் மறுபடி பிள்ளை முகம். நண்பன் சேகராக வரும் ராகுல் பேசுகிற வேகமே சிரிப்பு. ஒருவன் ரஜினி கட்சி, இன்னொருவன் கமல் கட்சி. அந்தச் சண்டையில் எழுதி வைத்த வசனத்தின் வாடையே இல்லை. அம்மாவாக வரும் ஜானகி அடிக்கிற அடியிலும் அவர் பயம்தான் தெரிகிறது. அக்கா வேம்புவாக திவ்யா துரைசாமியும் கலையரசனும் தங்கள் காதலை வாய்விட்டுச் சொல்வதே குறைவு. ஆனாலும் நமக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது.

பூங்கொடி டீச்சராக நிகிலா விமல் நன்றாகவே நடித்திருக்கிறார். சிக்கல் அந்தப் பாத்திரத்தில்தான் இருக்கிறது. பூங்கொடி டீச்சருக்குக் கோபம், அலுப்பு, திருத்த வேண்டிய விடைத்தாள் எதுவும் கிடையாது; எப்போதும் அன்பு மட்டும்தான். (நம் ஆசிரியர்கள் இந்த வரியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.) பையனின் கண் வழியே பார்க்கிறோம், அதனால் அப்படி என்று சமாதானம் சொல்லலாம். அது பாதிதான் சரி.

வேகத்தைப் பற்றித்தான் எங்கள் வகுப்பில் பெரிய விவாதம். முதல் பாதி மெதுவாகப் போகிறது என்பது பலர் புகார். மெதுவாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருவதுதான் குறை. டீச்சர் சிரிக்கிறார், பையன் மயங்குகிறான், நண்பன் கிண்டல் செய்கிறான். மூன்றாவது முறை வரும்போது கதை நின்ற இடத்திலேயே நிற்கிறது. அங்கே பத்து நிமிடம் வெட்டியிருக்கலாம். மாறாக, தார் சுமக்கும் காட்சிகளை யாரும் அவசரப்படுத்தாதது நல்லது. சேற்றில் கால் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து நடக்கிறார்கள். தேனி ஈஸ்வரின் கேமரா விலகி நிற்கும்போது தோட்டம் பச்சைப் பசேலென்று அழகாக இருக்கிறது. கிட்டே வந்தால் அதே தோட்டத்தில் மூச்சு முட்டுகிறது.

படத்தின் உச்சம் என்று நான் சொல்வது பசியை. ஆண்டு விழா நடனப் பயிற்சிக்காக ஒரு நாள் தார் சுமக்கப் போகாமல் பள்ளிக்குப் போய்விடுகிறான் சிவனைந்தான். அன்று முழுவதும் சாப்பாடு இல்லை. ஊரெல்லாம் வாழை, வாழ்நாளெல்லாம் சுமந்த வாழை. பசிக்கு ஒரு பழம் பறித்தால் அடி விழுகிறது. இதற்கு வசனமே தேவைப்படவில்லை. அதன் பிறகு அவன் வீட்டுக்குள் நுழைந்து சோற்றுப் பானையைத் தேடும் காட்சியில் எங்கள் வரிசையில் ஒருவரும் அசையவில்லை.

அங்கேயே நிறுத்தியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். சந்தோஷ் நாராயணனின் ஒப்பாரிப் பாட்டு தனியாகக் கேட்டால் உலுக்கும். ஆனால் ஏற்கெனவே அழுதுகொண்டிருப்பவரை மறுபடி அழச் சொல்வது போல் அந்த இடத்தில் நீள்கிறது.

மதிப்பெண் கேட்டால் நடிப்புக்கு 9, கதைக்கு 8, வேகத்துக்கு 6 போடுவேன். படம் ஓடிடியிலும் வந்துவிட்டது. தம்பி, தங்கையோடு பார்ப்பவர்கள் கடைசி அரை மணி நேரம் பக்கத்தில் இருங்கள். அவர்கள் கேள்வி கேட்பார்கள். ஒரு ரூபாய் கணக்கை நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும்.

– பதினொன்றாம் வகுப்பு மாணவி, இதழ்க் குழு