பொருள்: எம்.சி. 2024/0317 பாலிசி, நனைந்த துண்டுப் பெட்டிகளுக்கான கிளெய்ம், 215 நாள் தாமதம்

5 மே 2025

பெறுநர்: மேலாளர், கடல் சரக்குக் காப்பீட்டு கிளெய்ம் பிரிவு

ஐயா,

நாங்கள் அனுப்பிய 412 பெட்டி பருத்தித் துண்டுகளில் 96 பெட்டிகள் நனைந்து போய்ச் சேர்ந்தது 18 ஜூன் 2024 அன்று. வாங்குபவர் அந்த 96 பெட்டிகளுக்குப் பணம் தர மறுத்து, பாலிசியை எங்கள் பெயருக்கே எண்டார்ஸ் செய்து அனுப்பிவிட்டார். கப்பல் நிறுவனத்துக்கும் உங்களுக்கும் 20 ஜூன் அன்றே எழுத்தில் தெரிவித்தோம். உங்கள் சர்வேயரின் அறிக்கை 9 ஆகஸ்டில் வந்தது. நீங்கள் கேட்ட கடைசி ஆவணத்தை 2 செப்டம்பரில் கொடுத்தோம்.

பாலிசியின் 14-ஆம் நிபந்தனைப்படி, கடைசி ஆவணம் கிடைத்த 30 நாட்களுக்குள் நீங்கள் பணம் தர வேண்டும், இல்லையென்றால் காரணத்தோடு எழுத்தில் மறுக்க வேண்டும். அந்தக் கெடு 2 அக்டோபரில் முடிந்தது. இதுவரை இரண்டும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம், அதே பேக்கிங் லிஸ்டை மூன்று முறை கேட்டதுதான். நான்காவது முறையாக இதோடு இணைத்திருக்கிறேன்.

பேக்கிங் சரியில்லை என்று 4.3 விதிவிலக்கைக் காட்டப் போகிறீர்களோ என்று சந்தேகம் வருகிறது. அதற்கு இடமே இல்லை. கன்டெய்னரின் கூரையில் ஓட்டை இருந்ததைச் சர்வேயர் படத்தோடு பதிவு செய்திருக்கிறார். சில்வர் நைட்ரேட் சோதனையில் உப்பு தெரிந்தது, அதாவது உள்ளே போனது கடல்நீர். கன்டெய்னரைத் தந்தது கப்பல் நிறுவனம், சரக்கை ஏற்றியது சரக்கு நிலையத்து ஆட்கள், அதுவும் காப்பீடு தொடங்கிய பிறகு. எங்கள் ஊழியர் யாரும் அங்கே இல்லை. ஆகவே கன்டெய்னர் தகுதியின்மை பற்றிய 5.1.2-வும் எங்களுக்குப் பொருந்தாது. எங்களிடம் இருப்பது 'ஏ' பிரிவுக் காப்பீடு, விதிவிலக்கு இருந்தால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான்.

தொகையில் சிக்கல் எதுவும் இல்லை. பெட்டிக்கு 210 டாலர் வீதம் 96 பெட்டிக்கு 20,160, பாலிசிப்படி 10 சதவீதம் சேர்த்தால் 22,176. நனைந்த சரக்கை விற்றதில் வந்த 3,360-ஐக் கழித்து, சர்வே கட்டணம் 640-ஐக் கூட்டினால் 19,456 டாலர். 15-ஆம் நிபந்தனையின் 8 சதவீத வட்டி இன்றுவரை சுமார் 917 டாலர்.

அப்புறம் ஒரு விஷயம், இது உங்கள் நலனுக்கும் சேர்த்துத்தான். பில் ஆஃப் லேடிங் ஹேக்-விஸ்பி விதிகளுக்கு உட்பட்டது. டெலிவரியான ஓராண்டுக்குள் வழக்குப் போடாவிட்டால் கப்பல் நிறுவனத்தின் மீதான உரிமை போய்விடும். ஜூன் நடுவில் அந்தக் கெடு வருகிறது. பணம் கொடுத்த பிறகு அந்த உரிமை உங்களுக்குத்தான் வரும். 'ஏ' பிரிவுக் காப்பீட்டின் 16-ஆம் விதிப்படி அதைக் காப்பாற்றுவது எங்கள் கடமை என்பதால் கால நீட்டிப்பு கேட்டு ஏப்ரலிலேயே அவர்களுக்கு எழுதினோம், பதில் இல்லை. வழக்குப் போடுவதா, உங்கள் வழக்கறிஞரே பார்த்துக்கொள்வாரா என்பதை உடனே சொல்லுங்கள்.

16 மே 2025 மாலைக்குள் பணமோ, காரணத்துடன் மறுப்போ வர வேண்டும். வராவிட்டால் 19-ஆம் தேதி திங்கள்கிழமை உங்கள் குறைதீர் அதிகாரியிடம் புகார் போகும், இந்தக் கடிதத்தின் நகலும் அதோடு இருக்கும்.

இப்படிக்கு,
நிர்வாகப் பங்குதாரர்

இணைப்பு: பேக்கிங் லிஸ்ட், சர்வே அறிக்கை, கப்பல் நிறுவனத்துக்கு எழுதிய இரு கடிதங்கள்