கடன் வரம்பு தாண்டியதால் புதிய ஆர்டர் நிறுத்திவைப்பு

பீன்யா தொழிற்பேட்டை, பெங்களூரு
12 செப்டம்பர் 2025

பெறுநர்: திரு. முருகேசன், முறுக்கு, மிக்சர் தயாரிப்பு, ஸ்ரீராமபுரம், பெங்களூரு

மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கு, வணக்கம்.

தீபாவளிக்காக நீங்கள் 10ஆம் தேதி அனுப்பிய 6,000 அட்டைப்பெட்டி ஆர்டர் கிடைத்தது. சைஸ், பிரிண்ட் எல்லாம் போன தடவை மாதிரியே என்று குறித்துக்கொண்டோம். ஆனால் இந்த ஆர்டரை இப்போது உற்பத்திக்கு எடுக்க முடியாத நிலையில் இருக்கிறேன். இதைப் போனில் சொல்வதைவிடக் கணக்கோடு எழுதிவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது என்று தோன்றியது.

நமக்குள் எழுதிக்கொண்டபடி கடன் வரம்பு 4,00,000 ரூபாய், தவணை 45 நாள். இன்றைய நிலவரம் இது:

பில் 412, ஜூன் 18: ரூ. 1,38,600. ஆகஸ்ட் 28இல் நீங்கள் அனுப்பிய 40,000 இதில் கழித்தது போக மீதி ரூ. 98,600. கெடு ஆகஸ்ட் 2.
பில் 447, ஜூலை 9: ரூ. 1,52,400. கெடு ஆகஸ்ட் 23.
பில் 471, ஜூலை 25: ரூ. 96,800. கெடு செப்டம்பர் 8.
பில் 509, ஆகஸ்ட் 20: ரூ. 1,24,700. கெடு அக்டோபர் 4.

மொத்த பாக்கி ரூ. 4,72,500. வரம்பைவிட 72,500 அதிகம். இதில் கெடு தாண்டியது முதல் மூன்று பில்களும் சேர்த்து ரூ. 3,47,800. ஆகஸ்ட் 20 சரக்கே வரம்புக்கு மேல் போனதுதான். விநாயகர் சதுர்த்தி வியாபாரம் நிற்கக்கூடாது என்று நீங்கள் கேட்டதால் அனுப்பினோம். புது ஆர்டர் வரி உள்பட ரூ. 1,65,000. அதையும் சேர்த்தால் பாக்கி 6,37,500 ஆகிவிடும். எங்களைப் போன்ற சின்ன யூனிட் அதைத் தாங்காது, அண்ணாச்சி.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கிராஃப்ட் பேப்பர்காரர்கள் எங்களுக்குத் தருவது 15 நாள் கடன்தான். உங்கள் பில்களுக்கான ஜிஎஸ்டியை, பணம் வருகிறதோ இல்லையோ, அடுத்த மாதமே கட்டிவிட்டோம். அதைவிடப் பெரிய சிக்கல் வங்கியில். எங்கள் சிசி கணக்கில் 90 நாள் தாண்டிய பில்லை வங்கி கணக்கில் எடுத்துக்கொள்ளாது. பில் 412க்கு செப்டம்பர் 16ஆம் தேதியோடு 90 நாள் முடிகிறது. அதன்பின் அந்தத் தொகைக்கு ஏற்ப எங்களுக்குக் கிடைக்கும் பணமும் குறையும். உங்கள் பெயர் அச்சடித்த பெட்டியை வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே.

ஆகவே கெடு தாண்டிய பாக்கி தீரும்வரை புது ஆர்டர் நிறுத்தத்தில் இருக்கும். உங்கள் தீபாவளி கெடாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். பில் 412 மீதி, பில் 447 இரண்டும் சேர்த்து ரூ. 2,51,000. இதை செப்டம்பர் 19 வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால், புது ஆர்டரையும் சேர்த்து பாக்கி 3,86,500, அதாவது வரம்புக்குள் வந்துவிடும். மறுநாளே பேப்பர் வெட்ட ஆரம்பிப்போம். எட்டு வேலை நாளில் பெட்டி தயார். பில் 471இன் 96,800ஐ செப்டம்பர் 29க்குள் தீர்த்துவிட்டால், 30ஆம் தேதி டெம்போ உங்கள் வாசலில் நிற்கும். அக்டோபர் 1, 2 ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறை. பணம் 19ஐத் தாண்டினால் தேதி அதற்குப் பின்னால்தான் போகும். தீபாவளி 20ஆம் தேதி என்பதால் உங்களுக்குப் பேக்கிங்குக்கு நாள் போதாது. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

எந்தப் பில்லிலாவது எண்ணிக்கைக் குறைவோ ஒட்டுவதில் பிரச்சினையோ இருந்தால் உடனே சொல்லுங்கள். ஆள் அனுப்பிப் பார்த்து, நியாயமான தொகைக்கு கிரெடிட் நோட் போட்டுத் தருகிறேன். அதற்காக மற்றப் பில்களை நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று. நாங்கள் உத்யம் பதிவு பெற்ற சிறு உற்பத்தி யூனிட். 45 நாள் தாண்டிய பாக்கிக்கு வட்டி கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதுவரை போடவில்லை, மேலே சொன்னபடி பணம் வந்தால் போடவும் மாட்டேன். ஆனால் மார்ச் 31 வரை அது நிலுவையில் நின்றால், அந்தச் செலவை உங்கள் இந்த வருட வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பில்லில் அச்சடித்திருக்கும் அதே வங்கிக் கணக்குக்கு நெஃப்ட் அல்லது ஆர்டிஜிஎஸ் மூலம் அனுப்பி, யுடிஆர் எண்ணை வாட்ஸ்அப்பில் போடுங்கள். கணக்கு எண் மாறிவிட்டதாக யாராவது சொன்னால் எனக்கு போன் பண்ணாமல் அனுப்ப வேண்டாம். கணக்கு விவரத் தாளும் நான்கு பில்களின் நகலும் இத்துடன் இருக்கின்றன. உங்கள் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, திங்கட்கிழமை மாலைக்குள் எந்தத் தேதியில் எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். நேரில் பேச வேண்டுமென்றால் செவ்வாய் காலை நானே ஸ்ரீராமபுரம் வருகிறேன்.

அன்புடன்,
செல்வராஜ்
உரிமையாளர், அட்டைப்பெட்டி யூனிட், பீன்யா